நேரான மூலக்கூறும் வளைந்த மூலக்கூறும்

முதலாம் ஆண்டு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்த உட்காரும்போது ஒரு கேள்வியின் விடையை மட்டும் நிதானமாகப் படிப்பேன். "CO₂ முனைவற்ற மூலக்கூறு, H₂O முனைவுள்ள மூலக்கூறு. காரணம் தருக." ஐந்து மதிப்பெண் கேள்வி. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே மாதிரி விடைதான் இருக்கும்: "CO₂ சமச்சீரானது, எனவே முனைவற்றது. H₂O சமச்சீரற்றது, எனவே முனைவுள்ளது."

இரண்டாவது வாக்கியம் தவறு. நீர் மூலக்கூறும் சமச்சீரானதுதான். அதன் ஆக்சிஜன் அணுவின் ஊடாக நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் இடப்பக்க ஹைட்ரஜனின் பிம்பம் வலப்பக்க ஹைட்ரஜன் மேல் அச்சுப்பிசகாமல் விழும். இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம், ஒரே வலிமை. இதில் எதைச் சமச்சீரற்றது என்று சொல்வது?

போன பருவத்தில் ஒரு மாணவி இதையே என்னிடம் வேறு விதமாகக் கேட்டாள். தன் நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரு வரியில் O=C=O. அதற்குக் கீழே H–O–H. இரண்டையும் அடிமட்டம் வைத்து வரைந்த மாதிரி நேர்க்கோட்டில் எழுதியிருந்தாள். "மேடம், ரெண்டுலயும் நடுவுல ஒரு அணு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அணு. அப்புறம் ஒண்ணு மட்டும் எப்படி முனைவுள்ளதா இருக்கும்?" அவள் நோட்டில் வரைந்திருந்தபடி நீர் இருந்தால் அவள் கேட்டது முழுக்க நியாயம். அப்படி ஒரு நேரான நீர் மூலக்கூறு முனைவற்றதாகத்தான் இருக்கும். எழுதுவதற்கு வசதி என்று H–O–H என நேராக எழுதிப் பழகுகிறோம். அந்த வசதியே பிறகு இந்தக் கேள்வியில் காலை வாரிவிடுகிறது.

விடையைப் பிணைப்பிலிருந்து தொடங்குவோம். இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. பங்கு எப்போதும் சரிபாதியாக இருப்பதில்லை. எந்த அணு அந்த எலக்ட்ரான்களைத் தன் பக்கம் அதிகமாக இழுக்கும் என்பதற்கு ஓர் அளவுகோலை அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932-ல் கொடுத்தார். அதுதான் எலக்ட்ரான் கவர்தன்மை. அவருடைய அளவுகோலில் ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, ஆக்சிஜனுக்கு 3.44. மூன்றிலும் ஆக்சிஜனே பேராசைக்காரன். கார்பனோடு சேர்ந்தாலும் ஹைட்ரஜனோடு சேர்ந்தாலும் எலக்ட்ரான் மேகம் ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது. அங்கே சிறிது எதிர்மின்சுமை சேர, மறுமுனையில் அதே அளவு நேர்மின்சுமை மிஞ்சுகிறது. இப்படி இரு முனைகள் உண்டான பிணைப்பை முனைவுள்ள பிணைப்பு என்கிறோம்.

ஆக, CO₂-வில் உள்ள பிணைப்புகளும் முனைவுள்ளவை, நீரில் உள்ள பிணைப்புகளும் முனைவுள்ளவை. "CO₂-வின் பிணைப்புகள் முனைவற்றவை, அதனால் மூலக்கூறும் முனைவற்றது" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறார்கள். கார்பன் – ஆக்சிஜன் பிணைப்பு எவ்வளவு முனைவுள்ளது என்பதற்கு நல்ல சாட்சி ஃபார்மால்டிஹைடு. CO₂-வில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜன்களை வைத்தால் கிடைக்கும் மூலக்கூறு அது. அதன் இருமுனைத் திருப்புத்திறன் 2.33 டிபை. நீருக்கு 1.85 டிபைதான். அதாவது அதே C=O பிணைப்பு, எதிரே தன்னைப் போல இன்னொன்று இல்லாதபோது, நீரையே மிஞ்சுகிற மூலக்கூறை உண்டாக்குகிறது.

இருமுனைத் திருப்புத்திறன் என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல்: முனைகளில் எவ்வளவு மின்சுமை பிரிந்திருக்கிறது, அந்த முனைகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன. அலகின் பெயர் டிபை. அந்தப் பெயருக்கு உரியவர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1884-ல் பிறந்த பீட்டர் டிபை. அவரிடம் பிறகு வருகிறேன். இப்போதைக்கு முக்கியமானது, இந்த அளவுக்குப் பருமன் மட்டும் போதாது, திசையும் உண்டு என்பது. ஒவ்வொரு பிணைப்புக்கும் ஓர் அம்பு போடலாம். வேதியியல் புத்தகங்களில் அம்பு நேர்முனையில் தொடங்கி எதிர்முனையில் முடியும், வாலில் ஒரு சிறு கூட்டல் குறி இருக்கும். இயற்பியல் புத்தகங்களில் இது தலைகீழ், எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு. இரண்டு பாடங்களையும் ஒரே வருடத்தில் படிக்கிற பிள்ளைகள் இதில் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். எந்த வழக்கத்தைப் பின்பற்றினாலும் கூட்டுத்தொகையின் பருமன் மாறாது. ஒரே விடைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மூலக்கூறு முனைவுள்ளதா இல்லையா என்பது இந்த அம்புகள் எல்லாவற்றையும் திசையோடு கூட்டினால் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தேரின் முன்னால் இரண்டு வடங்கள். இரு அணிகளும் கொஞ்சம் விலகி நின்று, ஓர் அணி முன்னால் இடப்பக்கமாகவும் இன்னொன்று முன்னால் வலப்பக்கமாகவும் இழுத்தால், பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன்னோக்கிய இழுப்புகள் சேர்ந்து தேர் நகரும். அதே வடங்களில் ஒன்றைத் தேரின் பின்னால் கட்டி இழுத்தால், இரு அணியும் வியர்க்க வியர்க்க இழுத்தும் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆட்களின் பலம் குறையவில்லை, திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

CO₂ இந்த இரண்டாவது வகை. கார்பன் நடுவில், ஆக்சிஜன்கள் இரு பக்கமும், பிணைப்புக் கோணம் 180 பாகை. ஓர் அம்பு இடப்பக்கம், இன்னொன்று அதே அளவில் வலப்பக்கம். கூட்டினால் பூச்சியம்.

நீரில் கோணம் 104.5 பாகை. இங்கே கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு O–H பிணைப்பின் அம்புக்கு 1.51 டிபை என்று எடுத்துக்கொள்வோம். கோணத்தைச் சரிபாதியாக வெட்டுகிற நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு அம்பும் 52.25 பாகை விலகியிருக்கிறது. அந்த நடுக்கோட்டின் வழியே ஒவ்வொரு அம்பின் பங்கு 1.51-ஐ 52.25 பாகையின் கொசைன் மதிப்பான 0.612-ஆல் பெருக்கினால் வருவது, 0.924. இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் மொத்தம் 1.85 டிபை. பக்கவாட்டில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1.19 உண்டு, ஆனால் ஒன்று இடம், ஒன்று வலம், அவை அழிந்துபோகின்றன. நீருக்கும் சமச்சீர் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது வேலை செய்கிற இடம் இதுதான். பக்கவாட்டுப் பகுதியை அது அழித்துவிடுகிறது, நடுக்கோட்டுப் பகுதியை அழிக்க அதால் முடியவில்லை. ஹைட்ரஜன் பக்கம் நேராகவும் ஆக்சிஜன் பக்கம் எதிராகவும் மூலக்கூறு நிரந்தரமாக இரு முனைகளோடு நிற்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு நேர்மையான எச்சரிக்கை தேவை. 1.51 என்ற எண்ணைத் தனி O–H பிணைப்பில் யாரும் அளந்து எடுக்கவில்லை. மூலக்கூறில் அளந்த 1.85-லிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வந்த எண் அது. ஆக்சிஜனின் மேல் இருக்கும் தனித்த எலக்ட்ரான் இணைகளின் பங்கும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே இந்தக் கணக்கு 1.85-ஐ நிரூபிக்கவில்லை. கோணம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது, அந்த அளவுக்கு அதை நம்பலாம்.

இனி, ஒன்று ஏன் நேராகவும் மற்றது ஏன் வளைந்தும் இருக்கின்றன? ஐந்து மதிப்பெண் விடையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிற பகுதி இது. நடு அணுவைப் பார்த்தால் போதும். கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள். நான்கும் இரு ஆக்சிஜன்களோடு இரட்டைப் பிணைப்புகள் உண்டாக்கவே செலவாகிவிடுகின்றன, கையில் எதுவும் மிஞ்சவில்லை. கார்பனைச் சுற்றி எலக்ட்ரான்கள் குவிந்திருக்கும் இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்றையொன்று விலக்கும் இரண்டு குவியல்கள் எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகினால் எதிரெதிர்த் திசைக்குத்தான் போக வேண்டும். அதுதான் 180 பாகை.

ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். ஹைட்ரஜன்களோடு பிணைய இரண்டு போனால் நான்கு மிஞ்சும், அதாவது இரண்டு தனித்த இணைகள். இரண்டு பிணைப்புகள், இரண்டு தனித்த இணைகள் என நான்கு குவியல்கள் ஒன்றுக்கொன்று விலகி நான்முகியின் நான்கு மூலைகளைப் பார்த்து நிற்கின்றன. சரியான நான்முகியில் கோணம் 109.5 பாகை. தனித்த இணைகள் பிணைப்பு இணைகளைவிட அதிக இடம் பிடித்துக்கொள்வதால் ஹைட்ரஜன்கள் இன்னும் சற்று நெருக்கப்பட்டு 104.5 பாகைக்கு வருகின்றன.

இதைச் சொன்னதும் சிலர் ஒரு குறுக்கு விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: "தனித்த இணை இருந்தால் முனைவுள்ளது." CO₂-வின் இரு ஆக்சிஜன்களிலும் ஆளுக்கு இரண்டு தனித்த இணைகள் இருக்கின்றனவே! வடிவத்தைத் தீர்மானிப்பது நடு அணுவின் மேல் உள்ள இணைகள். அங்கேயும் விதி முழுமையாக நிற்காது. செனான் டைஃபுளோரைடில் நடுவிலிருக்கும் செனான் மேல் மூன்று தனித்த இணைகள், ஆனாலும் மூலக்கூறு நேர்க்கோட்டில் நிற்கிறது, முனைவற்றது. "நேராக இருந்தால் முனைவற்றது" என்ற இன்னொரு குறுக்கு விதிக்கும் இதே கதி. CO₂-வின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஒரு கந்தகத்தை வைத்தால் கார்போனைல் சல்ஃபைடு கிடைக்கிறது. அதுவும் நேர்க்கோடுதான், ஆனால் அதற்கு 0.715 டிபை இருக்கிறது. அம்புகள் எதிரெதிராக இருக்கின்றன, சம அளவில் இல்லை. எனவே விடையில் இரண்டையும் சொல்ல வேண்டும்: அம்புகள் சமம், எதிரெதிர்.

இதெல்லாம் தாளில் போட்ட அம்புகள். மூலக்கூறு உண்மையில் இப்படித்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் டிபை வருகிறார். 1912-ல் அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே வைத்து மின்தேக்கி ஒன்று செய்து, நடுவில் ஒரு வாயுவை நிரப்பினால், வெற்றிடத்தில் இருந்ததைவிட அதன் தேக்குதிறன் சிறிது கூடும். இது எல்லா வாயுக்களுக்கும் நடக்கும், ஏனென்றால் மின்புலம் எந்த மூலக்கூறின் எலக்ட்ரான் மேகத்தையும் சற்று இழுத்துச் சாய்க்கும். CO₂-வை நிரப்பினால் இந்த உயர்வு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். நிரந்தர இருமுனை உள்ள மூலக்கூறுகளானால் இன்னொன்றும் சேரும். அவை மின்புலத்தின் திசைக்குத் தலையைத் திருப்பப் பார்க்கும். வெப்பம் அதைக் கெடுக்கும். சூடு ஏற ஏற மூலக்கூறுகள் தாறுமாறாகச் சுழன்று, திரும்பிய தலைகளைக் கலைத்துவிடும்.

ஆகவே சோதனை இதுதான்: வாயுவின் அடர்த்தியை மாற்றாமல் சூடேற்றிக்கொண்டே தேக்குதிறனை அளக்க வேண்டும். நீராவியில் சூடு ஏற ஏற உயர்வு குறைந்துகொண்டே வருகிறது. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து 1.85 டிபை என்ற எண்ணையே கணக்கிட்டு எடுக்கலாம். CO₂-வில் சூடேற்றினாலும் மாற்றம் இல்லை. கலைப்பதற்குத் திரும்பிய தலைகளே அங்கே கிடையாது. இந்த அளவீடு சொல்வது முனைவை மட்டுமல்ல, வடிவத்தையும் சேர்த்து. நீருக்குப் பூச்சியம் வரவில்லை என்றால் அது நேர்க்கோடாக இருக்கவே முடியாது. இருமுனைத் திருப்புத்திறன் ஆய்வுகளுக்காகவும், வாயுக்களில் எக்ஸ் கதிர், எலக்ட்ரான் விளிம்புவிளைவு ஆய்வுகளுக்காகவும் டிபைக்கு 1936-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

முனைவற்றது என்று முத்திரை குத்திய பிறகு, CO₂-வுக்கு மின்சுமையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளியதும் சீறி வருவது CO₂. அழுத்தம் போனதும் தண்ணீரை விட்டு வெளியேறிவிடுகிறது. முனைவற்ற மூலக்கூறுதானே, ஓடத்தான் செய்யும் என்று தோன்றும். ஆனால் ஒரே அழுத்தத்தில் வைத்துப் பார்த்தால், 25 டிகிரி செல்சியஸில், ஆக்சிஜன் வாயுவைவிட சுமார் 25 மடங்கு மூலக்கூறுகள் CO₂-விலிருந்து நீரில் கரைகின்றன. கார்பானிக் அமிலமாக மாறுவது அதில் மிகச் சிறு பகுதிதான், மற்றது CO₂-வாகவே கரைந்திருக்கிறது. காரணம், அதன் மொத்த அம்பு பூச்சியமானாலும் தனித்தனி அம்புகள் அழிந்துவிடவில்லை. நடுக் கார்பனில் சிறிது நேர்மின்சுமை இருக்கிறது, ஓரங்களில் எதிர்மின்சுமை இருக்கிறது. பக்கத்தில் வந்து நிற்கிற நீர் மூலக்கூறுக்கு அது தெரியும். அதன் ஆக்சிஜன் கார்பனைத் தேடி வருகிறது.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள CO₂ -78.5 டிகிரியிலேயே திண்மத்திலிருந்து நேரடியாக வாயுவாகிவிடுகிறது. இதற்கு "நீருக்கு 1.85 டிபை இருப்பதால்" என்று மட்டும் எழுதினால் போதாது. 2.33 டிபை உள்ள ஃபார்மால்டிஹைடு -19 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே. நீரின் கொதிநிலையைத் தூக்கி நிறுத்துவது ஹைட்ரஜன் பிணைப்பு. முனைவு அதற்கு வழி செய்கிறது, முழுக் காரணம் அது மட்டும் இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்த மாணவி தன் நோட்டில் இப்படி எழுதினாள்: "C=O, O–H இரண்டும் முனைவுள்ள பிணைப்புகள், ஏனெனில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை அதிகம். CO₂-வில் நடு அணுவான கார்பனில் தனித்த இணை இல்லை, எனவே வடிவம் நேர்க்கோடு, கோணம் 180 பாகை. இரு பிணைப்புகளின் திருப்புத்திறன்களும் சம அளவில் எதிரெதிராக இருப்பதால் தொகுபயன் பூச்சியம். நீரில் ஆக்சிஜன் மேல் இரண்டு தனித்த இணைகள் இருப்பதால் வடிவம் வளைந்தது, கோணம் 104.5 பாகை. திருப்புத்திறன்கள் முழுமையாக அழியாமல் நடுக்கோட்டின் வழியே கூடி 1.85 டிபை வருகிறது." பக்கத்தில் இரண்டு படங்கள், அம்புகளோடு. இந்த முறை நீரை வளைத்து வரைந்திருந்தாள். நானாக இருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

எழுதிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள். "மேடம், CO₂ முனைவற்றதுன்னா அது எப்படி வெப்பத்தைப் பிடிச்சு வெக்கிற வாயு ஆச்சு? அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சணும்னா இருமுனை வேணும்னு வேற வகுப்புல சொன்னாங்களே."

நல்ல கேள்வி. மூலக்கூறு ஒரு படம் போல அசையாமல் நிற்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கிறது. CO₂-வின் இரு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வரும் அதிர்வு ஒன்று உண்டு. அப்போது இரு அம்புகளும் சேர்ந்தே நீண்டு சேர்ந்தே குறுகும், தொகுபயன் எப்போதும் பூச்சியம், அந்த அதிர்வு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாது. ஆனால் இரு ஆக்சிஜன்களும் ஒரே பக்கம் சாய்ந்து மூலக்கூறே வளையும் இன்னொரு அதிர்வு இருக்கிறது. வளைந்த கணத்தில் அம்புகள் எதிரெதிராக இல்லை, நீரில் போலவே ஒரு பக்கம் மிச்சம் விழுகிறது. அடுத்த கணம் மறுபக்கம் வளைகிறது, மிச்சமும் மறுபக்கம் திரும்புகிறது. நொடிக்குச் சுமார் 20 லட்சம் கோடி முறை இப்படி நடக்கும். சராசரி எடுத்தால் பூச்சியம், ஒவ்வொரு கணமும் பூச்சியம் இல்லை. இந்த ஆட்டத்துக்கு ஒத்த அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் 15 மைக்ரோமீட்டர். பூமி தன் சூட்டை வெளியே அனுப்புகிற கதிர்களில் இந்த அலைநீளம் நிறையவே இருக்கிறது. உலர்ந்த காற்றில் 99 சதவீதமாக இருக்கிற நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இப்படி வளைய வழியில்லை. இரண்டே அணுக்கள், அதுவும் ஒரே வகை, எப்படி அதிர்ந்தாலும் அம்பு தோன்றாது.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் விடையின் தொடக்கத்திலேயே ஒரு சொல்லைச் சேர்த்தாள்: "CO₂-வுக்கு நிரந்தர இருமுனைத் திருப்புத்திறன் இல்லை." 'நிரந்தர' என்பதன் கீழ் இரண்டு கோடுகள்.